‘அடகு வைத்தோம்’ – யாருடைய நகை?

*வணக்கம் மேடம். நானும் எங்க வீட்டுக்காரரும் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆன்லைனில் விற்க இணையதளம் போட்டிருக்கிறோம். ‘எங்கள் கதை’ என்ற இடத்துக்கு அவருடைய நண்பர் மகன் எழுதித் தந்ததை அனுப்பியிருக்கிறேன். படித்தால் வேறு யாரோ கதை மாதிரி இருக்கிறது. அவரே எழுதிப் பார்த்தார், அதில் நான் ‘உறுதுணையாக நிற்கும் மனைவி’ என்று ஒரே வரியில் வந்து போகிறேன். நான் எழுதினால் அவர் பேச்சு அதில் இல்லை. ரெண்டு பேர் பேச்சும் ஒரே கதையில் வருகிற மாதிரி எழுத முடியுமா? எப்படி?*

வணக்கம் சகோதரி.

முடியும். நண்பர் மகன் எழுதியது, அவர் எழுதியது, நீங்கள் எழுதியது என்று மூன்றையும் அச்செடுத்துப் படித்தேன். நண்பர் மகன் எழுதியதில் பன்னிரண்டு வாக்கியங்கள். அதில் பத்து ‘ஓம்’ என்று முடிகின்றன. தொடங்கினோம், உழைத்தோம், மீட்டெடுத்தோம், அர்ப்பணித்தோம். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: “கையிலிருந்த நகையை அடகு வைத்து முதல் செக்கை வாங்கினோம்.”

படித்துவிட்டுப் போனில் பேசியபோது நான் உங்களிடம் முதலில் கேட்டது அதுதான், யாருடைய நகை என்று. யோசிக்காமல் சொன்னீர்கள்: “என்னோட ஆரங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் வைக்கலாம்னேன்.” இந்த மூன்று சின்ன வாக்கியத்தில் பொருளுக்கு உரியவர் இருக்கிறார், தயங்கியவர் இருக்கிறார், முடிவெடுத்தவர் இருக்கிறார். ‘வைத்து வாங்கினோம்’ என்று எழுதியதும் மூன்றும் காணாமல் போய்விட்டன.

இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நம் மொழி அப்படி. ‘வாங்கினான்’, ‘வாங்கினாள்’ என்றால் ஆணா பெண்ணா என்று விகுதியே சொல்லிவிடும். ‘வாங்கினேன்’ என்றால் அது தெரியாது. ‘வாங்கினோம்’ என்றால் எத்தனை பேர், யார் யார், அதில் ஒருவர் சும்மா கூட நின்றாரா என்று எதுவுமே தெரியாது. கணவன் மனைவி தொழிலைப் பற்றி எழுதுகிறவர் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற மரியாதையில்தான் ‘ஓம்’ போடுகிறார். போடப் போட இரண்டு பேரும் மறைந்து, அறிவிப்புப் பலகையின் குரல் வந்துவிடுகிறது. உங்களுக்கு ‘வேறு யாரோ கதை மாதிரி’ பட்டது அதனால்தான்.

அதனால் முதல் வேலை எழுதுவது இல்லை. சிவப்புப் பேனா எடுத்து ஒவ்வொரு ‘ஓம்’ விகுதிக்கும் கோடு போடுங்கள். கீழே அதை உண்மையில் செய்தவர் பெயரை எழுதுங்கள். நான் உங்கள் இருவரிடமும் கேட்டுக் கேட்டுப் போட்டுப் பார்த்தேன். பத்தில் நான்கு அவர் செய்தது, மூன்று நீங்கள் செய்தது, இரண்டு மட்டும் இருவரும் பக்கத்தில் நின்று செய்தது. மிச்சம் ஒன்று, ‘பாரம்பரியத்தை மீட்டெடுத்தோம்’. அதை யார், எந்த நாளில், எந்தக் கையால் செய்தார்கள் என்று கேட்டால் இருவருக்கும் பதில் இல்லை. அந்த வரியை எடுத்துவிடலாம்.

‘நாங்கள்’ வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருவரும் சாக்கு விரித்து உட்கார்ந்தீர்களே, அதை ‘உட்கார்ந்தோம்’ என்றுதான் எழுத வேண்டும். எல்லா இடத்திலும் போட்டால் அந்த ஒரு இடத்தில் அதற்குப் பலம் இருக்காது. இன்னொன்று, அந்தப் பிரதியில் ‘நமது நிறுவனம்’ என்று இரண்டு இடத்தில் வருகிறது. ‘நாம்’ என்றால் படிக்கிறவரும் சேர்த்தி. எண்ணெய் வாங்க வந்தவரை நிறுவனத்துக்குப் பங்குதாரர் ஆக்கிவிட்டார். அது ‘எங்கள்’ என்றே இருக்கட்டும்.

அடுத்தது பேசவைத்து எழுதுவது. இருவரையும் தனித்தனியாகப் பேசவிடுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் ஒருவர் ஆரம்பிப்பதை இன்னொருவர் முடித்துவைப்பார். பல வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு அது பழக்கம், தவறில்லை, ஆனால் முடித்துவைத்த வாக்கியத்தில் இரண்டு குரலும் கலந்துவிடும். அவரை மோட்டாரை நிறுத்திய பிறகு செக்குப் பக்கத்திலேயே பேசவையுங்கள். உங்களை பாட்டில் அடைக்கிற மேசையில். போனில் பதிவு செய்தால் போதும், ஆளுக்கு அரை மணி நேரம். கேட்கிறவர் இந்தத் தொழில் தெரியாதவராக இருக்கட்டும், சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் மாதிரி. தெரிந்தவர் கேட்டால் ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று நல்ல பகுதியை எல்லாம் தாண்டிவிடுவீர்கள்.

கேள்விகள் இருவருக்கும் ஒன்றேதான். முதல் செக்கு எப்படி வந்தது? ஒரு வேலைநாளில் காலையில் முதலில் தொடுகிற பொருள் எது? கெட்டுப்போன ஒரு சரக்கைப் பற்றிச் சொல்லுங்கள். இன்னொருவர் செய்கிற வேலையில் உங்களால் செய்ய முடியாதது எது? எந்த விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை? இந்த ஐந்து போதும். ‘உங்கள் லட்சியம் என்ன’ என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

பதிவைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். ‘இல்லீங்க’, ‘அது பாருங்க’ எல்லாம் முதலில் இருக்கட்டும். பிறகு இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் உங்கள் இருவரிடமும் பேசியதில் எனக்கே ஒரு வித்தியாசம் பிடிபட்டது. உங்கள் கணவர் காதாலும் கையாலும் பேசுகிறார். உலக்கைச் சத்தம், எள்ளின் சூடு, பிண்ணாக்கு விரலில் நொறுங்குகிற விதம். வாக்கியம் மூன்று நான்கு சொல்லில் முடிந்துவிடுகிறது. உங்கள் பேச்சில் எப்போதும் இன்னொரு ஆள் இருக்கிறார், “ஒரு அம்மா போன் பண்ணி”, “கொப்பரை போடறவரு என்ன சொன்னாருன்னா” என்று. யாரோ கேட்டதற்குப் பதிலாகத்தான் ஒவ்வொன்றையும் சொல்கிறீர்கள். ஒருவர் எதைக் கவனிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதுதான் குரல். அது கிடைத்துவிட்டால் வட்டாரப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்ற வேண்டியதில்லை. ஏற்றினால் கோயம்புத்தூர் தாண்டியவர்கள் தடுமாறுவார்கள்.

ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். நல்லெண்ணெய் ஆட்டுவதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இது: “கருப்பட்டி போட்டாத்தாங்க எண்ணெய் பிரியும். போடலீன்னா எள்ளு களியாட்ட ஒட்டிக்கும். சத்தத்துலயே தெரிஞ்சுரும்.” நண்பர் மகன் பிரதியில் இதே விஷயம் இப்படி இருக்கிறது: “பனங்கருப்பட்டி சேர்க்கப்படுவதன் மூலம் எண்ணெய் சிறந்த முறையில் பிரித்தெடுக்கப்படுகிறது.” தகவல் அதேதான். ஆனால் ‘படுகிறது’ வந்ததும் ஆள் போய்விட்டார், களி போய்விட்டது, சத்தமும் போய்விட்டது. நான் வைப்பது: “கருப்பட்டி போட்டால்தான் எண்ணெய் பிரியும். போடாவிட்டால் எள்ளு களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலக்கைச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.” பேச்சு வடிவத்தை எழுத்துக்கு மாற்றினேன், எந்தச் சத்தம் என்று தெரிய ‘உலக்கை’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்தேன். சொல் வரிசையையும், அவர் நிறுத்துகிற இடத்தையும் தொடவில்லை.

சரி, இரண்டு குரலையும் எப்படி அடுக்குவது? ஒரே பத்தியில் இருவரும் ‘நான்’ என்று பேசினால் குழப்பம் வரும். முன்பு சொன்ன அதே காரணம், ‘ஏன்’ விகுதியில் ஆண் பெண் இல்லை. இரண்டாவது வரியிலேயே யார் பேசுகிறார் என்று படிக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். இடது பக்கம் அவர், வலது பக்கம் நீங்கள் என்று இரண்டு பத்தியாகப் போடலாம் என்று இணையதளம் செய்கிறவர்கள் சொல்வார்கள். கணினியில் அழகாகத்தான் இருக்கும். போனில் திறந்தால் இடது பக்கம் முழுவதும் மேலே வந்து, வலது பக்கம் அதற்கு அடியில் போய்விடும். பெரும்பாலும் அடியில் போவது மனைவியின் பகுதி. அதனால் உங்களுக்கு நான் சொல்வது மாற்றி மாற்றி வருகிற சின்னச் சின்னப் பகுதிகள். ஒவ்வொன்றின் தலையிலும் பேசுகிறவர் பெயர். மொத்தம் ஐந்தாறு பகுதி, எல்லாம் சேர்த்து இருநூறு சொல் போதும்.

யார் முதலில் பேசுவது என்று சண்டை வேண்டாம். கதையை நகர்த்தியவர் முதலில் பேசட்டும். உங்கள் கதையில் ஆரத்தை எடுத்தவர் நீங்கள்.

ஒருவரை ஒருவர் எப்படிக் குறிப்பிடுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். நீங்கள் அவரை ‘இவர்’ என்கிறீர்கள், பெயர் சொல்லிப் பழக்கமில்லை என்றீர்கள். அப்படியே இருக்கட்டும், பெயர்தான் தலைப்பில் இருக்கிறதே. அவர் உங்களை ‘வீட்டுல’ என்கிறார். “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க” என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார். அதில் மரியாதைதான் இருக்கிறது, ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சில் மனைவிக்கு ‘அவள்’, கணவருக்கு ‘அவர்’ என்று வந்தால் வீட்டில் அது எவ்வளவு இயல்பாக இருந்தாலும் படிக்கிறவர் கண்ணுக்கு முதலாளியும் உதவியாளரும் ஆகிவிடுவார்கள். இருவருக்கும் ‘ஆர்’ விகுதியே போடுங்கள். ‘உறுதுணை’, ‘பக்கபலம்’, ‘ஒத்தாசை’ மூன்றையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொற்கள் ஒருவருடைய வேலையை இன்னொருவர் வேலையின் ஓரத்தில் வைத்துவிடுகின்றன. பதிலாக ஒரு பொருளும் ஒரு வினையும் கொடுங்கள். ‘கொப்பரை பார்த்து எடுப்பது நான்.’ அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் சொன்னதை வைத்து நான் கட்டிப் பார்த்தது இது. உங்கள் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் இப்போதைக்கு ‘மனைவி’, ‘கணவர்’ என்று வைத்திருக்கிறேன். முதல் பகுதி மட்டும் இருவருக்கும் பொது, அதனால் அதன் தலையில் பெயர் இல்லை.

முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்து, பன்னிரண்டு பாட்டிலோடு உட்கார்ந்தோம். மூன்று விற்றது. மீதி ஒன்பதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

மனைவி: அதற்கும் முன்னால் செக்கு வாங்கப் பணம் போதவில்லை. என் ஆரத்தை வைக்கலாம் என்றேன். இவர் வேண்டாம் என்றார். ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எட்டாவது நாள் நானே பேங்குக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

கணவர்: ஆரம் வீட்டுக்குத் திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்கள் செக்கு வாகை மரம். மோட்டாரில் ஓடுகிறது, மாடு இல்லை. நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டால்தான் எண்ணெய் பிரியும். போடாவிட்டால் எள்ளு களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலக்கைச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மனைவி: எள்ளும் கொப்பரையும் பார்த்து எடுப்பது நான். சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவேன். மேலே நன்றாகக் காய்ந்திருக்கும், அடியில் குளிர்ச்சி தட்டினால் ஈரம் இருக்கிறது. கந்தகம் போட்ட கொப்பரையா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் அடுத்த முறை போவதில்லை.

கணவர்: சரக்கு எடுக்கிற விஷயம் வீட்டில் கேட்டுத்தான். எனக்கு அந்தக் கை வராது. ஆட்டிய எண்ணெயை வெள்ளைத் துணி கட்டி மூன்று நாள் வெயிலில் தெளிய வைப்பது என் வேலை. தெளியாமல் யார் கேட்டாலும் தர மாட்டேன்.

மனைவி: மழை பிடித்துக்கொண்டால் அந்த மூன்று நாள் ஆறு நாள் ஆகும். போன் எடுத்துப் பதில் சொல்வது நான். ‘தெளிந்ததும் வரும் என்று மட்டும் சொல்’ என்கிறார் இவர். ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு நான் ஒரு வாரம் கூட்டியே தேதி சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவுதான். ‘இருவரும் கைகோத்து’ என்று ஒரு முடிவுரை எழுதிச் சேர்க்காதீர்கள். கடைசிப் பகுதியில் உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயத்தை வேண்டுமென்றே வைத்தேன். அவர் எண்ணெயின் பக்கம் நிற்கிறார், நீங்கள் காத்திருக்கிறவர் பக்கம் நிற்கிறீர்கள். வாங்குகிறவருக்கு இந்த இரண்டும் தெரிய வேண்டும்: மழையில் எண்ணெய் ஏன் தாமதமாகிறது, எத்தனை நாள் என்று. ஒத்துப்போகாத விஷயம் எல்லாவற்றையும் எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். பணம், மாமியார் வீடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். வேலையில் எழுகிற ஒன்று போதும். அது சரக்கைப் பற்றி வாங்குகிறவருக்கு ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மோட்டார் என்ற சொல்லை ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் இணையதளத்தின் மேலே காங்கேயம் காளை செக்கு இழுக்கிற படம் இருக்கிறது. காங்கேயம் என்றால் காளை நினைவுக்கு வரும், படமும் அழகு. ஆனால் உங்கள் செக்கில் காளை இல்லை. நேரில் வருகிற முதல் ஆளே கேட்பார். படத்தை மாற்றி, எண்ணெய்ப் பாத்திரங்கள் துணி கட்டி வெயிலில் இருக்கிறதை எடுத்துப் போடுங்கள். அதே மாதிரி, நண்பர் மகன் பிரதியில் ‘மாரடைப்பு, சர்க்கரை நோய் வராமல் தடுக்கும்’ என்று ஒரு வரி. நீங்கள் இருவரும் என்னிடம் பேசியதில் அது எங்குமே வரவில்லை. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகளில் இருக்கிறது. அந்த வரி போகட்டும்.

நகை விஷயத்தை இணையத்தில் போடலாமா என்பதை நீங்கள் மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம் உங்களுடையது, ஒருவேளை உங்கள் அம்மா வீட்டில் போட்டதாக இருக்கும். அவர்கள் படித்தால் சங்கடமா என்று யோசியுங்கள். வேண்டாம் என்று பட்டால் ‘பணம் போதவில்லை. நான் ஒரு வழி சொன்னேன். இவர் வேண்டாம் என்றார். ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை’ என்று எழுதினாலும் கதை நிற்கும், ஏனென்றால் அங்கே முக்கியம் அந்த ஒரு வாரம்தான். அவருடைய தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதே, அதற்கு அவர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் வருகிற எல்லா வரிக்கும் இதே மாதிரிதான்.

பெயர் விஷயம் ஒன்று பாக்கி. உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்கள் பெயரில் இருப்பதாகச் சொன்னீர்கள், பில்லிலும் உங்கள் பெயர்தான். இணையதளத்தில் அவரை ‘நிறுவனர்’ என்று போட்டிருக்கிறது. லேபிளில் இருக்கிற 14 இலக்கப் பதிவு எண்ணைச் சரிபார்க்கிற வாடிக்கையாளருக்கு இது குழப்பமாக இருக்கும். ‘நிறுவனர்’ என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். அவர் பெயருக்குக் கீழே ‘செக்கு’, உங்கள் பெயருக்குக் கீழே ‘கொள்முதல், விற்பனை’ என்று வேலையைப் போட்டால் எல்லாம் ஒத்துப்போகும்.

பாட்டில் லேபிளில் இவ்வளவு இடம் இருக்காது. அங்கே இரண்டு ‘நான்’ போட முடியாது, முப்பது சொல்லுக்குள் பெயர் எழுதிப் பேசவைத்தால் நாடகம் மாதிரி ஆகிவிடும். படர்க்கைக்குப் போய்விடுங்கள், ஆனால் ஆளுக்கு ஒரு வினை கட்டாயம்: ‘எள்ளைச் சாக்கில் கைவிட்டுப் பார்த்து எடுப்பவர்’ என்று எழுதி உங்கள் பெயர், ‘கருப்பட்டி சேர்த்து ஆட்டி, வெயிலில் தெளிய வைப்பவர்’ என்று எழுதி அவர் பெயர்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெயர்களை மறைத்து அச்செடுத்து, உங்கள் இருவரையும் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் நாத்தனார் இருந்தால் அவரே போதும். ஒவ்வொரு பகுதியும் யார் பேசுவது என்று அவர் சொல்லட்டும். எங்கே தவறாகச் சொல்கிறாரோ அங்கே எழுதியவருடைய குரல் நுழைந்திருக்கிறது. பதிவை மறுபடி போட்டு அந்த இடத்தைக் கேளுங்கள். பிறகு நீங்கள் எழுதிய அவருடைய பகுதியை அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு இடறுகிற சொல் அவருடையது இல்லை. அதற்கு அவர் என்ன சொல்வார் என்று கேட்டு, அங்கேயே மாற்றி எழுதுங்கள்.